மழை விட்டதும் பெல்ட்டை யார் ஓட்டுவார்?

அன்புள்ள பிற்றர்மாருக்கும், எலெக்ட்ரீஷியன்மாருக்கும், வெல்டிங் தம்பிமாருக்கும், கொன்ட்ராக்ட்காரர் காலையில் வானில் ஏற்றி வரும் கையாள்களுக்கும்,

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வளைவில், சீனன்குடாக் கரையோரம், கப்பலில் வரும் சரக்கை வாங்கி அரைக்கும் ஆலைகளில் உங்களில் பலர் வேலை செய்கிறீர்கள். மா ஆலைக்குக் கோதுமை வருகிறது, சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் வருகிறது. இரண்டும் கப்பலை விட்டு இறங்கியதும் ஏறுவது கொன்வேயர் பெல்ட்டில்தான். இந்த மடலில் வருவது எந்த ஓர் ஆலையிலும் நடந்த சம்பவமல்ல. பெல்ட் இருக்கும் எந்த இறங்குதுறையிலும் மாரி காலத்தில் வரக்கூடிய ஒரு வேலையை எடுத்து, அதை முதலிலிருந்து கடைசிவரை உங்களோடு நடந்து பார்க்க நினைக்கிறேன்.

கார்த்திகை மாதம். கப்பல் கட்டியிருக்கிறது. மழை இறங்குகிறது. நனைந்தால் சரக்குப் பழுதாகும் என்பதால் கப்பலின் மூடிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஒதுங்குகிறார்கள். பெல்ட் நிற்கிறது. ஒரு கிழமையாகக் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்க ரோலர் ஒன்று எல்லோருக்கும் நினைவு வருகிறது. “மழை விடுறதுக்குள்ள அந்த ரோலரை மாத்திப் போடுவமா?” என்று சுப்பவைசர் கேட்கிறார். அரை மணி நேர வேலைதான். கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் காசு போகிறது என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த பெல்ட் பழுதாகி நிற்கவில்லை, மழைக்காக நிற்கிறது. மழை விட்டதும் அதை ஓட்டப்போகிறவர் கொன்ட்ரோல் ரூமில் இருக்கிறார். அவருடைய திரையில் நீங்கள் இல்லை.

பெல்ட்டின் ஓரமாக ஓடும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கயிறு ஆபத்தில் பெல்ட்டை நிறுத்துவதற்கானது. அது வெட்டுவது கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டும்தான். மோட்டருக்குப் போகும் 400 வோல்ட் மின்சாரம் சுவிச் அறையில் அப்படியே காத்திருக்கும். கயிற்றுப் பெட்டியின் நெம்பைத் திருப்பிவிட யாராலும் முடியும். கொன்டாக்டரின் முனைகள் ஒட்டிப் போயிருந்தால் கயிறு இழுத்தும் பயனில்லை. நிறுத்தும் பொத்தானும் இதே வகைதான். கொன்ட்ரோல் ரூமுக்குப் போன் எடுத்து “ஓட்டாதீங்க” என்று சொல்வதும் அப்படித்தான். அது மழை விடும்வரை ஒருவருக்கு நினைவிருக்கும் சொல். அதற்குள் ஷிப்ட் மாறினால் அதுவும் இல்லை.

பெல்ட் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைப்போம். கை ரோலருக்கும் பெல்ட்டுக்கும் இடையில் அகப்பட்டதை உணர்ந்து நீங்கள் கத்துவதற்கும், இன்னொருவர் கயிற்றைத் தேடி இழுப்பதற்கும் இரண்டு வினாடி ஆகும் என்றால், அதற்குள் 4 மீட்டர் பெல்ட் கடந்துவிட்டது. இழுத்த பின்னும் அது உடனே நிற்காது.

சரி, முறையாகச் செய்வோம்.

முதல் வேலை பூட்டு அல்ல. பெல்ட்டை வெறுமையாக்குவதுதான். மேலே சைலோவை நோக்கி ஏறும் பெல்ட்டில் மணிக்கு 400 தொன் சரக்கு போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், ஒரு மீட்டர் பெல்ட்டின் மேல் ஏறத்தாழ 55 கிலோ இருக்கும். ஏற்றப் பகுதி 60 மீட்டர் என்றால் 3,300 கிலோ. ஏற்றம் 12 பாகை என்றால் அந்தப் பாரத்தில் சுமார் 690 கிலோ, பெல்ட்டைப் பின்னோக்கிக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரத்தை நிறுத்துவதால் இது நிற்காது. அதைத் தாங்குவது கியர் பெட்டியிலோ தலை உருளையின் அச்சிலோ இருக்கும் பின்னோட்டத் தடுப்பு மட்டுமே. ரோலர் மாற்றப் போன இடத்தில் “கப்ளிங்கையும் ஒருக்கா கழட்டிப் பார்ப்பம்” என்று யாராவது தொடங்கினால், தடுப்பு கப்ளிங்குக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து முழுப் பாரமும் கீழே பாயலாம். ஆகவே ஹொப்பரின் கதவை மூடி, பெல்ட்டை முழுச் சுற்று ஓட்டி, மேலே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு நிறுத்துங்கள். மழைக்கு அவசரமாக நிறுத்திய பெல்ட்டில் சரக்கு அப்படியே கிடக்கும். மாரி காலத்து வேலை வெயில் காலத்து வேலையை விட மோசமானது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம், வழுக்கல் அல்ல.

இரண்டாவது, பூட்டுவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பது. இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை; செய்யச் சொன்னால் சிரிப்பார்கள். பூட்டிய பின் பொத்தானை அமுக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அமுக்குகிறோம், பெல்ட் அசையவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை. ஆனால் துறைமுகப் பெல்ட்டுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. மூன்றாம் பெல்ட் சரக்கைக் கொட்டும் நாலாம் பெல்ட் ஓடினால்தான் மூன்றாவது ஓடும். நாலாவது நிற்கும்போது மூன்றாவதின் பொத்தானை நூறு முறை அமுக்கினாலும் அது அசையாது, அதன் மின்சாரம் முழுதாக இருந்தாலும்கூட. சிவப்புக் கயிறு இழுபட்டிருந்தாலும் அசையாது. தெரிவுச் சுவிச் கொன்ட்ரோல் ரூம் பக்கம் திரும்பியிருந்தாலும் அசையாது. பூட்டியதால் அசையவில்லையா, வேறு காரணத்தால் அசையவில்லையா என்பதை அந்த மௌனம் உங்களுக்குச் சொல்லாது.

அதனால் பூட்டும் முன், வேலை இடத்திலிருந்து எல்லோரையும் விலக்கி, தெரிவுச் சுவிச்சை உள்ளூர் நிலைக்குத் திருப்பி, கயிற்றுச் சுவிச்சுகளை மீட்டெடுத்து, எச்சரிக்கைச் சத்தம் போட்டு, அந்தப் பொத்தானிலேயே பெல்ட்டைச் சில வினாடி ஓட்டுங்கள். ஓடியது என்றால் பொத்தான் வேலை செய்கிறது. நிறுத்துங்கள். பிறகு சுவிச் அறைக்குப் போய்ப் பிரேக்கரை இறக்கிப் பூட்டுங்கள். திரும்பி வந்து வேறு எதையும் தொடாமல் அதே பொத்தானை அமுக்குங்கள். இப்போது அசையாவிட்டால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. அமுக்கிய பின் நிறுத்தும் பொத்தானையும் அமுக்கி, சுவிச்சை நிறுத்த நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். சில அமைப்புகளில் ‘ஓடு’ என்ற கட்டளை நின்று, மின்சாரம் திரும்பும் வேளையில் பெல்ட்டைத் தானே கிளப்பிவிடும்.

உள்ளூர்ப் பொத்தானே இல்லாத பெல்ட் என்றால் இந்தச் சோதனையைக் கொன்ட்ரோல் ரூமிலிருந்து செய்ய வேண்டும். உங்களில் ஒருவர் அங்கே போய் நின்று திரையைப் பார்க்க வேண்டும்.

சுவிச் அறையில் ஒரு விசயம். ஒரே அளவான கதவுகள் வரிசையாக நிற்கும் இடம் அது. உப்புக் காற்றில் எழுத்து மங்கிய தகடுகள், அடுத்தடுத்த எண்கள். மூன்றாம் பெல்ட் என்று நினைத்து இரண்டாம் பெல்ட்டைப் பூட்டுவதற்குப் பெரிய மடத்தனம் தேவையில்லை. மேலே சொன்ன முன்-பின் சோதனை அந்தப் பிழையைப் பிடித்துவிடும். அதோடு எலெக்ட்ரீஷியன் தன் சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மோட்டரின் முனைகளில் மூன்று கம்பிகளுக்கும் ஒன்றுக்கொன்று, பின் ஒவ்வொன்றுக்கும் நிலத்தொடுப்புக்கும் என ஆறு அளவுகளை எடுக்க வேண்டும். மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் கருவியைச் சோதிக்க வேண்டும். கடைசிச் சோதனை இல்லாவிட்டால், கருவியின் பற்றறி நடுவில் செத்தது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மோட்டரையே கழற்றுவதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். கடலோர ஈரத்தில் மோட்டரின் சுருள் நனையாமல் இருக்க உள்ளே சிறிய சூடாக்கி வைத்திருப்பார்கள். அதற்கு 230 வோல்ட் வேறு வழியாக வரும். மோட்டர் நிற்கும்போதுதான் அது எரியும். பெரிய பிரேக்கரைப் பூட்டிவிட்டு முனைப் பெட்டியைத் திறந்தவரை இந்தச் சின்ன வயர் தாக்கலாம்.

அடுத்து எடைக்கல். நீண்ட பெல்ட்டுகளைத் தளராமல் வைத்திருக்க, தொங்கும் எடை ஒன்றை அடிப்பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். அது ஒரு தொன் என்றால், இருபக்க பெல்ட்டிலும் 500 கிலோ வீதம் எப்போதும் இழுவை இருக்கும். பிரேக்கரைப் பூட்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கும் இடத்தில் இந்த எடை மட்டும் விழித்திருக்கிறது. அடிப்பக்க ரோலரைக் கழற்ற பெல்ட்டைச் செயின் புளொக்கால் தூக்குவீர்கள். தூக்கும்போது எடைக்கல் மேலே ஏறும், விட்டால் விழும். எடையின் கீழே அந்த நேரம் யாராவது மழைக்கு ஒதுங்கி நின்றால்? எடையைச் சட்டகத்தோடு சங்கிலியால் பிணைத்து அந்தச் சங்கிலியிலும் ஒரு பூட்டைப் போடுங்கள். அல்லது கட்டையில் இறக்கி வையுங்கள். வேலி இல்லாத எடைக்குழி என்றால் அடியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். ஹொப்பர் கதவு காற்றழுத்தத்தில் இயங்கினால் காற்றுக் குழாயின் வால்வையும் பூட்டி, உள்ளே மிஞ்சிய காற்றைச் சீறவிட்டு, அழுத்தமானி பூச்சியத்துக்கு வந்ததைப் பாருங்கள். மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் சில கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும், விரலைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை.

பூட்டைப் பற்றி நான் விட்டுக்கொடுக்காத கருத்து ஒன்று உண்டு. ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு திறப்பு, அந்தத் திறப்பு உங்கள் காற்சட்டைப் பையில். பிரேக்கரில் ஒரு பூட்டுக்குத்தான் இடமென்றால், பல துளை கொண்ட கொக்கியைப் போட்டு ஒவ்வொருவரும் தமது பூட்டை அதில் மாட்டலாம். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. “போர்மன் பூட்டிட்டார், போதும்” என்பது போர்மனைக் காப்பாற்றும் ஏற்பாடு. அவர் ரீ குடிக்கப் போகும்போது தன் பூட்டைக் கழற்றினால், பெல்ட்டின் கீழே இருப்பவர் யார்? கொன்ட்ராக்ட் ஆட்களுக்குப் பூட்டுக் கொடுக்கத் தேவையில்லை என்று சில இடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரோலரைத் தூக்கிக் கொடுக்கும் பையனின் கையும் அதே இடைவெளியில்தான் போகிறது. அமெரிக்காவில் 1989இல் வெளியான பூட்டுதல் விதி, பூட்டை மாட்டியவரே கழற்ற வேண்டும் என்பதைப் பொதுவிதியாகவும், மற்றவர் கழற்றுவதைக் கடும் நிபந்தனையோடு கூடிய விதிவிலக்காகவும் வைத்தது. இலங்கையில் எங்களுக்குள்ள தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுக்குரியது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. பராமரிப்புக்காரர்தான் அந்த வேலியைக் கழற்றுபவர். வேலி இல்லாத அந்த அரை மணிக்கு அவருக்கிருக்கும் ஒரே வேலி பூட்டு.

இனி அனுமதிப் பத்திரம். பேர்மிட் என்ற அந்தத் தாளை வெறும் கையெழுத்து வேலையாகப் பார்க்கிறோம். அதற்கு நியாயமும் உண்டு: மேசையில் இருந்தபடி நேற்றைய தாளைப் பார்த்து எழுதிய பேர்மிட் வெறும் கையெழுத்து வேலைதான். பூட்டு இயந்திரத்தைப் பிடித்து வைக்கிறது. தாள் அங்கே இல்லாத ஆட்களோடு பேசுகிறது: கொன்ட்ரோல் ரூம்காரரோடு, அடுத்த ஷிப்ட்டோடு, அதே பெல்ட்டின் மறுமுனையில் வெல்டிங் செய்ய வந்த வேறொரு கொன்ட்ராக்ட் ஆட்களோடு.

அது பேசாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வடகடலில் நடந்த ஒன்று உண்டு. 1988 ஜூலை 6. ஸ்கொட்லாந்துக்கு அப்பால் பைப்பர் அல்பா என்ற எண்ணெய் மேடை. அமுக்கத்தில் திரவ வாயுவைத் தள்ளும் இரண்டு பம்புகள் அங்கே இருந்தன. ஏ பம்பைப் பெரிய பழுதுபார்ப்புக்காக நிறுத்தி ஒரு பேர்மிட் எழுதினார்கள். அந்தப் பழுதுபார்ப்பு இன்னும் தொடங்கவில்லை. அதே பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்ற வேறொரு பேர்மிட் எழுதப்பட்டது. வால்வு கழற்றப்பட்டது, மாலைக்குள் திரும்பப் பூட்ட முடியவில்லை, குழாயின் வாயை ஒரு மூடித் தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். அது கசியாமல் இறுக்கப்பட்டிருக்கவில்லை. அந்த வால்வு பம்புக்குப் பக்கத்தில் இல்லை, மேலே, பம்பருகே நிற்பவரின் கண்ணில் படாத உயரத்தில் இருந்தது. ஷிப்ட் மாறியபோது வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இரவு பத்து மணிக்குச் சற்று முன் பி பம்பு நின்றது. திரும்பக் கிளப்ப முடியவில்லை. ஆட்கள் ஏ பம்பின் தாளைத் தேடினார்கள். பழுதுபார்ப்புப் பேர்மிட் கிடைத்தது; வேலை தொடங்கவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது; ஆகவே ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். வால்வின் பேர்மிட் அவர்கள் கையில் அகப்படவில்லை. பம்பு கிளம்பியது, மூடித் தகட்டு வழியாக வாயு கசிந்தது, வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். 1990இல் வெளியான கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளைச் செய்தது. பேர்மிட் முறை நடந்த விதத்தை அது விரிவாக ஆராய்ந்தது.

அந்த இரவில் தாள் எழுதாதவர் எவருமில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு தாள் இருந்தன. ஒன்று மற்றதை அறியவில்லை. ஆகவே உங்கள் பேர்மிட்டில் நான் முதலில் தேடுவது கையெழுத்தை அல்ல. இதே இயந்திரத்தில் வேறு பேர்மிட் திறந்திருக்கிறதா, அதன் எண் என்ன என்ற வரியைத் தேடுவேன். பெல்ட் எண் வாரியாகத் தாள்களைத் தொங்கவிடும் பலகை ஒன்று கொன்ட்ரோல் ரூமில் இருந்தால், ஓட்ட வருபவர் அந்தப் பெல்ட்டின் கொக்கியைப் பார்க்காமல் ஓட்ட முடியாது. திகதி வாரியாகக் கோப்பில் போட்டால், பைப்பர் அல்பாவின் இரவு ஆட்கள் தேடியது போலத் தேட வேண்டும். வேலை முடியாமல் ஷிப்ட் மாறினால், போகிறவரும் வருகிறவரும் பெல்ட்டின் அடியில் சேர்ந்து நின்று பார்த்துக் கைமாற்ற வேண்டும். வருகிறவர் தன் பூட்டை மாட்டிய பிறகே போகிறவர் தன்னுடையதைக் கழற்றலாம்.

தாள் இரண்டு மொழியில் அச்சிட்டிருந்து உங்களுக்கு அந்த இரண்டும் வாசிக்க வராவிட்டால், கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பூட்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள். பேர்மிட் கொடுப்பவர் அந்த இடத்துக்கு வரச் சோம்பினால், அவருக்கும் அந்தப் பெல்ட்டில் எத்தனை பூட்டு வேண்டும் என்று தெரியாது.

ரோலரை மாற்றியாயிற்று. இனித்தான் சோதனை ஓட்டம். புது ரோலர் போட்டதும் பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கி ஓடும். அதை நேராக்க ஓடும் பெல்ட்டைப் பார்த்து ரோலரின் சட்டத்தைத் தட்டித் தட்டிச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். பூட்டுகள் கழன்றிருக்கும், வேலி இன்னும் மாட்டியிருக்காது, ஆட்கள் பக்கத்தில் நிற்பார்கள். ரோலர் மாற்றும் பேர்மிட் இதற்குச் செல்லாது. ஆட்களை எண்ணி, ஆயுதங்களை எண்ணி, எடைக்கல்லின் சங்கிலியை அவிழ்த்து, வேலிகளைத் திரும்ப மாட்டி, சோதனை ஓட்டத்துக்கென்று தனியாக எழுதி வாங்குங்கள். ஓடும்போது சட்டத்தைத் தொடாதீர்கள். எவ்வளவு ஒதுங்குகிறது என்று தூரத்திலிருந்து பாருங்கள், நிறுத்துங்கள், பூட்டுங்கள், நகர்த்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். நாலு முறை சுவிச் அறைக்கு நடக்க வேண்டியிருக்கும். அந்த நடை பிடிக்காமல்தான் பலர் ஓடும் பெல்ட்டின் கீழே ஸ்பானரோடு குனிகிறார்கள்.

இன்னொரு கூட்டத்தையும் இந்த மடலில் சேர்க்க வேண்டும். வால் உருளையின் அடியில் கொட்டிய சரக்கைச் சவளால் அள்ளும் பையன்களுக்கு யாரும் பேர்மிட் எழுதுவதில்லை. அது பராமரிப்பு அல்ல, துப்புரவு என்று கணக்கு. பெல்ட் திரும்பி உருளைக்குள் நுழையும் வாய் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சவளின் பிடி அதில் அகப்பட்டால் கை பின்னால் போகும். பிற்றருக்குப் பூட்டு, துப்புரவுப் பையனுக்கு ஒரு கூவல் என்பதை எந்த சுப்பவைசரும் எனக்கு நியாயப்படுத்திக் காட்டியதில்லை.

கடைசியாக, உங்களில் யாராவது பூட்டின் திறப்போடு வீட்டுக்குப் போய்விட்டால் செய்ய வேண்டியது. கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ பஸ் ஏறியாயிற்று, பெல்ட் ஓட வேண்டும், பூட்டு தொங்குகிறது. மேலதிகத் திறப்பை மேசை லாச்சியில் வைத்திருப்பது இதற்குத் தீர்வல்ல. அப்படி ஒன்று இருந்தால் உங்கள் பூட்டு பூட்டே அல்ல. முதலில் போன் எடுத்து அவர் எங்கே என்று கேட்க வேண்டும். போன் எடுக்காவிட்டால், வாயிற் பதிவைப் பார்த்து அவர் வெளியே போய்விட்டார் என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு இரண்டு பேர் பெல்ட்டை முழு நீளமும் நடந்து பார்த்து, பொறுப்பதிகாரி எழுத்தில் ஒப்பமிட்ட பின்பே அந்தப் பூட்டை வெட்ட வேண்டும். மறுநாள் அவர் வேலைக்குள் நுழையும் முன், வாயிலிலேயே அவருக்குச் சொல்ல வேண்டும்: உன் பூட்டு வெட்டியாயிற்று, பெல்ட் ஓடுகிறது, நேற்று நீ விட்ட இடத்தில் இன்று கை வைக்காதே. வெட்டிய பூட்டுக்குப் பதில் புதியதொன்றை அப்போதே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து,
உங்களைப் போல் பெல்ட்டுகளின் கீழே குனிந்து வேலை செய்த ஒருவன்